பெட்டியில் 29; செவியில் எத்தனை?

செம்பனை எண்ணெய் ஆலை ஒன்றின் பண்டசாலையை எடுத்துக்காட்டாகக் கொள்க. அங்கே காதடைப்பான் பெட்டி ஒன்று இருக்கிறது. விரலால் உருட்டிக் காதுக்குள் செருகும் நுரைப்பஞ்சுத் துண்டுகள் அதனுள் உள்ளன. பெட்டியின் மேல் 'என்.ஆர்.ஆர். 29 டெசிபல்' என்று அச்சிட்டிருக்கிறது. ஆலையின் பருப்புப் பிரிவில், கொட்டையை உடைக்கும் இயந்திரத்தின் அருகே, எட்டு மணி நேர வேலை முழுவதிலும் சராசரி இரைச்சல் 96 டெசிபல். பண்டசாலைக் கிராணி இவ்விரண்டு எண்களையும் எடுத்துக் கழிக்கிறார். 96-இல் 29 போனால் 67. இருவர் அருகருகே நின்று சற்று உரக்கப் பேசினால் எழும் ஒலி ஏறத்தாழ அவ்வளவுதான். ஆகவே தொழிலாளியின் காதுக்கு ஆபத்தில்லை என்று ஏட்டில் எழுதி மூடிவிடுகிறார்.

கழித்தல் சரி, விடை தவறு. முறையாகக் கணக்கிட்டால் அதே தொழிலாளியின் செவியை எட்டுவது 85 டெசிபல் என்று ஒரு வழியிலும், 88½ என்று வேறொரு வழியிலும் விடை வருகிறது. அறுபத்தேழுக்கும் எண்பத்தைந்துக்கும் இடையிலுள்ள பதினெட்டைச் சிறு பிழை என்று தள்ளிவிடுவதற்கில்லை. டெசிபல் என்பது முழத்தையும் படியையும் போன்ற அளவன்று. மூன்று டெசிபல் கூடினால் காதில் விழும் ஒலியாற்றல் இரு மடங்காகிறது; பத்து கூடினால் பத்து மடங்கு; பதினெட்டு கூடினால் அறுபது மடங்குக்கும் மேல். கிராணியின் ஏட்டில் உள்ளதைப்போல் அறுபது மடங்கு ஒலியை அத்தொழிலாளி நாள்தோறும் வாங்கிக்கொண்டிருக்கிறார்.

மலேசியாவில் 2019-ஆம் ஆண்டு நடப்புக்கு வந்த இரைச்சல் விதிகளின்படி, எட்டு மணி நேர வேலைநாளுக்கு எல்லை 85 டெசிபல். சிங்கப்பூரில் 2011-ஆம் ஆண்டு விதிகளும் அதே எல்லையையே வைத்திருக்கின்றன. எல்லைக்கு மேல் மூன்று டெசிபல் ஏறும்போதெல்லாம் இருக்கத்தக்க நேரம் பாதியாகக் குறைகிறது. 88-இல் நான்கு மணி, 91-இல் இரண்டு மணி, 94-இல் ஒரு மணி. இக்கணக்கில் 96 டெசிபலில் காப்பின்றி நிற்கத்தக்க நேரம் 38 நிமிடம்தான். மலேசியாவின் பழைய 1989-ஆம் ஆண்டு விதிகள் 90 டெசிபலை எல்லையாகவும் ஐந்து டெசிபலுக்கு ஒருமுறை நேரம் பாதியாவதாகவும் வைத்திருந்தன. அக்கணக்கில் அதே 96-இல் மூன்றரை மணி நேரம் நிற்கலாம். அந்தப் பழைய அட்டவணையை மனத்தில் வைத்திருப்பவர்கள் இன்னும் பல ஆலைகளில் இருக்கக்கூடும்; அது நீங்கிப்போன விதி.

இதனால் இழக்கப்படுவது எது என்பதைத் தமிழாசிரியர்கள் எளிதில் உணர்வார்கள். இரைச்சலால் கேடுறும் செவி எல்லா ஒலிகளையும் ஒரே நேரத்தில் இழப்பதில்லை. வினாடிக்கு நான்காயிரம் அதிர்வை ஒட்டிய உயர்ந்த ஒலிகளே முதலில் மங்குகின்றன. உயிரெழுத்துகளின் வலுவெல்லாம் தாழ்ந்த ஒலிகளில் இருப்பதால் அவை கேட்டுக்கொண்டே இருக்கும். வல்லின மெய்களைப் பிரித்துக் காட்டும் சிறு வெடிப்பும் சீறலும் உயர்ந்த ஒலிகளில் இருப்பதால் அவை நழுவிவிடும். அதனால் ஒருவர் பேசுவது கேட்கும். ஆனால் 'கல்' என்றாரா 'பல்' என்றாரா என்பது விளங்காது. வீட்டில் பேரப்பிள்ளை ஒன்று சொல்ல, தாத்தா வேறொன்றுக்கு விடை கூறுவார். உட்செவியில் நத்தைக்கூடு போன்ற பகுதியில் ஒலியை உணரும் நுண்மயிர் அணுக்கள் அழிவதால் நேர்வது இது. மனிதரிடத்தில் அவை மீண்டும் முளைப்பதில்லை.

29 என்ற எண் பிறந்த இடம்

பெட்டியிலுள்ள எண் பொய்யன்று. அது பிறந்த இடம் வேறு. பயன்படும் இடம் வேறு. அவ்வளவே.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் காப்பு நிறுவனம் 1979-ஆம் ஆண்டு ஒரு விதி செய்தது. செவிக்காப்புச் சாதனம் விற்போர் அனைவரும் அது எவ்வளவு இரைச்சலைத் தணிக்கும் என்பதை ஒரே எண்ணாகப் பெட்டியில் அச்சிட வேண்டும் என்பது அவ்விதி. அந்த எண்தான் என்.ஆர்.ஆர். எனப்படும் தணிப்பு எண். அதைக் காண்பதற்கு ஆய்வுக்கூடத்தில் பத்துப் பேரை அமர்த்துகிறார்கள். ஓசை புகாத அறையில், வெறுங்காதுடன் எவ்வளவு மெல்லிய ஒலி கேட்கிறது என்று முதலில் அளக்கிறார்கள். பிறகு காப்பை அணிவித்து மீண்டும் அளக்கிறார்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாடே தணிப்பு. தாழ்ந்த ஒலி முதல் உயர்ந்த ஒலி வரை பல படிகளில், ஆளுக்கு மூன்று முறை இவ்வாறு செய்கிறார்கள்.

ஆய்வாளர்கள் இதில் ஓரளவு எச்சரிக்கையும் காட்டியிருக்கிறார்கள். பத்துப் பேரின் சராசரியை அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. ஆளுக்கு ஆள் விடை எவ்வளவு சிதறுகிறது என்று பார்த்து, அச்சிதறலின் திட்ட அளவை இரு மடங்காக்கிச் சராசரியிலிருந்து கழிக்கிறார்கள். தொழிற்கூடத்து இரைச்சல்கள் பலவகைப்படும் என்பதற்காக இன்னும் மூன்று டெசிபலையும் கழிக்கிறார்கள். இத்தனைக்கும் பிறகு எஞ்சுவதே 29. நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பேர் இதற்குக் குறையாத தணிப்பைப் பெறுவர் என்பது அந்தக் கணக்கின் பொருள்.

ஆனால் எந்தத் தொண்ணூற்றெட்டுப் பேர்? அந்தச் சோதனையில் அடைப்பானைக் காதில் செருகுபவர் ஆய்வாளர். அவர் கை பழகிய கை. அமர்ந்திருப்பவர் அசைவதில்லை, வியர்ப்பதில்லை, பேசுவதில்லை. சில நிமிடங்களில் வேலை முடிந்துவிடுகிறது. பருப்புப் பிரிவுத் தொழிலாளியோ எண்ணெய் படிந்த விரலால், வேலை தொடங்கும் அவசரத்தில், தாமே செருகிக்கொள்கிறார். மேற்பார்வையாளர் ஏதோ சொல்ல, ஒரு காதைத் திறக்கிறார். தாடை அசையும்போதெல்லாம் அடைப்பான் சிறிது சிறிதாக வெளியே வருகிறது. ஆய்வுக்கூடத்துச் சிதறல் கணக்கில் இவை எவையும் இடம்பெறவில்லை.

ஏழு டெசிபல் ஏன்?

தள்ளுபடிகளுள் முதலாவது தொழிலாளியின் பிழையால் வருவதன்று, அளவுகோலால் வருவது. ஒலியளவிக் கருவியில் 'ஏ' என்றும் 'சி' என்றும் இரண்டு அளவைகள் உண்டு. 'ஏ' அளவை மனிதச் செவியைப் போன்றது. தாழ்ந்த உறுமலை அது குறைத்து மதிப்பிடும். 'சி' அளவை உறுமலையும் கீச்சொலியையும் ஏறத்தாழ ஒரேயளவில் எடைபோடும். சட்டத்தின் எல்லைகள் 'ஏ' அளவையில் எழுதப்பட்டிருப்பதால் ஆலைகளில் பெரும்பாலும் அதையே அளந்து வைத்திருப்பார்கள்.

தணிப்பு எண்ணோ 'சி' அளவையிலிருந்து கழிப்பதற்காகச் செய்யப்பட்டது. கழித்தபின் வரும் விடைதான் செவிக்குள் உள்ள 'ஏ' அளவு. காரணம் யாதெனில், எந்தக் காதடைப்பானும் உயர்ந்த ஒலியை நன்றாகத் தடுக்கும். தாழ்ந்த உறுமலை அவ்வளவாகத் தடுக்காது. உறுமல் மிகுந்த இடத்தில் 'ஏ' அளவி குறைத்துக் காட்டும் அதே ஒலிதான் அடைப்பானைக் கடந்து உள்ளே புகுகிறது. 'சி' அளவு தெரியாமல் 'ஏ' அளவிலிருந்து கழிக்க நேர்ந்தால் இந்த மறைவான பங்குக்காகத் தணிப்பு எண்ணிலிருந்து ஏழைக் குறைத்துக்கொள்ள வேண்டும். அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு நிர்வாகத்தின் இரைச்சல் விதியின் இணைப்பிலேயே இது கூறப்பட்டிருக்கிறது.

கிராணியின் 96 'ஏ' அளவில் எடுத்தது. ஆகவே 29-இலிருந்து 7 போக 22. 96-இலிருந்து 22 போக 74. அவர் எழுதிய 67 இத்தோடு 74 ஆகிவிட்டது. இன்னும் ஆலைக்குள் காலே வைக்கவில்லை; இது ஆய்வுக்கூடத்துக் காதுக்கு உரிய விடை.

பாதியாக்கும் வழக்கு

ஆய்வுக்கூடத்தை விட்டு ஆலைக்கு வரும்போது எவ்வளவு தள்ளுபடி செய்வது? இங்கேதான் இரண்டு அமெரிக்க நிறுவனங்கள் இரண்டு வழிகளைக் காட்டுகின்றன.

தொழிற்பாதுகாப்பு நிர்வாகம் தன் ஆய்வாளர்களுக்கான கையேட்டில் கூறும் வழி எளிது. முதலில் ஏழைக் கழி, எஞ்சியதைப் பாதியாக்கு. 22-இல் பாதி 11. 96-இலிருந்து 11 போக 85. சட்டத்தின் எல்லைக்கோட்டின்மீதே தொழிலாளி நிற்கிறார்.

தொழிற்பாதுகாப்பு, சுகாதார ஆய்வுக்கழகம் 1998-இல் வெளியிட்ட வழி சற்று நுட்பமானது. ஆலைகளில் உண்மையாக அளந்து பார்த்த ஆய்வுகளைத் திரட்டி, எல்லாக் காப்புகளும் ஒரே அளவில் ஏமாற்றுவதில்லை என்று அது கண்டது. தலைமேல் வளைந்து இரு கிண்ணங்களால் காதை மூடும் காதுமூடிக்கு நூற்றுக்கு 25 தள்ளுபடி. உருட்டிச் செருகும் நுரைப்பஞ்சு அடைப்பானுக்கு 50. முன்பே வார்த்து வரும் ரப்பர் அடைப்பான் முதலிய ஏனையவற்றுக்கு 70. காதுமூடியை அணிவதில் தவறுவது கடினம். அடைப்பானைச் செருகுவதில் தவறுவது எளிது. இவ்வளவுதான் இதன் உட்பொருள்.

ஆனால் இக்கழகம் தள்ளுபடியை முதலில் செய்கிறது. ஏழைப் பிறகு கழிக்கிறது. 29-இல் பாதி 14½. அதிலிருந்து 7 போக 7½. 96-இலிருந்து 7½ போக 88½. அதே பெட்டி, அதே ஐம்பது விழுக்காடு, அதே ஏழு. முன்பின்னாகச் செய்ததால் மட்டும் மூன்றரை டெசிபல் வேறுபட்டுவிட்டது. முதல் வழியில் எட்டு மணி நேரமும் அந்த இடத்தில் வேலை செய்யலாம். இரண்டாம் வழியில் மூன்றரை மணி நேரத்தோடு அவரை வேறிடத்துக்கு மாற்றியாக வேண்டும்.

எது சரி என்று கேட்பவர் பலர். கேள்வியைச் சற்று மாற்றிக் கேட்பதே நன்று: இந்தச் சண்டை எதனால் வந்தது? ஏழு என்ற எண்ணால் வந்தது. அந்த ஏழோ, 'சி' அளவு தெரியாத குறைக்காகச் சேர்த்த எண். பருப்புப் பிரிவில் 'சி' அளவையையும் எடுத்து, அது 97 என்று கண்டதாகக் கொள்க. அப்பொழுது ஏழுக்கு வேலையே இல்லை. 29-இல் பாதி 14½. 97-இலிருந்து 14½ போக 82½. எந்த நிறுவனத்தின் வழியில் போனாலும் இதே விடை. கொட்டை உடைபடும் ஓசையில் உயர்ந்த ஒலி மிகுதி, உறுமல் குறைவு. ஆதலால் 'ஏ'யும் 'சி'யும் ஒன்றே வேறுபடுகின்றன. ஆறு டெசிபலை வீணாகக் கழித்துக்கொண்டிருந்தது இப்பொழுது தெரிகிறது. கொதிகலன் விசிறி, பெரிய டீசல் எஞ்சின் போன்றவற்றின் அருகே நிலைமை வேறு. அங்கே இரு அளவுகளுக்கும் இடையே ஏழோ அதற்கு மேலோ இருக்கக்கூடும். ஏழைக் கழித்தும் போதாமற் போகலாம். ஒலியளவியில் ஒரு பொத்தானைத் திருப்பி இன்னொரு முறை அளப்பதுதான் இதற்குச் செலவு. இரண்டு அளவுகளையும் குறிக்காத இரைச்சல் அறிக்கையை முழுமையான அறிக்கை என்று ஏற்றுக்கொள்வதற்கில்லை.

'ஏ' அளவு ஒன்றே கையில் இருக்கிறது என்றால், இரு விடைகளுள் காப்புக் குறைவாகக் காட்டுவதை எடுத்துக்கொண்டு வேலையை ஒழுங்குசெய்வதே தக்கது. கணக்குப் பிழைத்தாலும் செவி பிழைக்கும்.

சிறிய எண், பெரிய காப்பு

பண்டசாலையில் வேறு இரு பொருள்களும் உள்ளன என்க. ஒன்று 25 என்று குறித்த காதுமூடி. மற்றொன்று, அதே 25 என்று குறித்த, மூன்றடுக்கு வளையமுள்ள ரப்பர் அடைப்பான். பெட்டிகளை மட்டும் பார்த்தால் 29 உள்ள நுரைப்பஞ்சே சிறந்தது. மற்ற இரண்டும் ஒன்றுக்கொன்று ஈடு.

ஆய்வுக்கழகத்தின் தள்ளுபடியை இட்டுப் பார்த்தால் வரிசை மாறிவிடுகிறது. காதுமூடியின் 25-இல் கால்பங்கு போக 18¾. ஏழு போக 11¾. செவிக்குள் 84¼. எண் சிறியதாயினும் நுரைப்பஞ்சைவிட நான்கு டெசிபலுக்கு மேல் கூடுதலான காப்பு. ரப்பர் அடைப்பானின் 25-இல் எழுபது விழுக்காடு போனால் 7½. ஏழு போனால் எஞ்சுவது அரை டெசிபல்! அந்த அடைப்பான் எதற்கும் உதவாது என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. காதுக்குப் பொருந்திய அளவைத் தேர்ந்து சரியாகச் செருகியவருக்கு அது நன்றாகவே உதவும். யார் எப்படிச் செருகினார் என்று பாராமல் ஒரு கூட்டத்திற்கு மொத்தமாகக் கொடுத்துவிட்டு நம்பத்தக்க காப்பு அவ்வளவுதான் என்பதே இதன் பொருள்.

இனி, காதுமூடியே எங்கும் சிறந்தது என்று முடிவு கட்டிவிடுவதும் தவறு. மூக்குக்கண்ணாடியின் கால் மெத்தைக்கும் தோலுக்கும் இடையே புகுந்தால் இடுக்கு உண்டாகிறது. தலைத்துணியின் மடிப்பும் அவ்வாறே செய்யும். மெத்தை காய்ந்து வெடித்தால் ஒலி உள்ளே கசியும். எல்லாவற்றுக்கும் மேலாக, நம் நாட்டு வெப்பத்தில், ஆவி சூழ்ந்த ஆலையில், வியர்வை வழியும் காதுமூடியை எட்டு மணி நேரம் தலையில் வைத்திருப்பவர் அரியர். இடையிடையே கழற்றிக் கழுத்தில் மாட்டிக்கொள்வார்கள். அந்தக் கழற்றலுக்கும் ஒரு கணக்கு உண்டு.

அரைமணி நேரத்தின் விலை

பெரும்பாலோர் நம்ப மறுக்கும் கணக்கு இது. அதிகாரமுறையான முதல் விடையையே எடுத்துக்கொள்க: காப்போடு 85, காப்பின்றி 96. எட்டு மணி நேரத்தில் ஏழரை மணி நேரம் அடைப்பான் காதில் இருக்கிறது. அரைமணி நேரம் மட்டும், பேசுவதற்கென்றும் காற்றாடுவதற்கென்றும் சிறிது சிறிதாகக் கழற்றியிருக்கிறார். தணிப்பில் பதினாறில் ஒரு பங்குதானே போயிருக்கும் என்று தோன்றும்.

காப்போடு ஒரு மணி நேரம் இருந்தால் செவி வாங்கும் ஒலியாற்றலை ஒரு படி என்று கொள்க. எட்டு மணிக்கு எட்டுப் படி. சட்டம் ஒரு நாளைக்கு அளக்கும் ரேஷன் அதுவே. காப்பின்றி இருக்கும்போது ஒலி பதினொரு டெசிபல் மிகுதி. அதாவது மணிக்கு ஏறத்தாழ 12½ படி. அரைமணிக்கு 6¼ படி. இதனோடு ஏழரை மணி நேரத்துக் காப்புக்கு 7½ படி. மொத்தம் 13¾ படி. அரைமணி நேரத்தில் வாங்கியது, மற்ற ஏழரை மணி நேரத்தில் வாங்கியதற்கு ஏறக்குறைய சமமாகிவிட்டது. டெசிபலில் சொன்னால் நாள் முழுவதற்கும் சராசரி 85 அன்று, 87-ஐத் தாண்டுகிறது. பதினொன்றாக இருந்த தணிப்பு எட்டரைக்கு இறங்கிவிட்டது.

இன்னும் வியப்பானது ஒன்றுண்டு. ஒலியை அறவே புகவிடாத ஒரு மாயக் காப்பு கிடைத்ததாகவே வைத்துக்கொள்க. அதை எட்டு மணியில் அரைமணி நேரம் கழற்றினால், அந்த அரைமணியில் புகும் ஒலி, காப்பே இல்லாத நாளின் ஒலியில் பதினாறில் ஒரு பங்கு. பதினாறில் ஒரு பங்கு என்பது பன்னிரண்டு டெசிபல் குறைவு. ஆகவே அந்த மாயக் காப்பும் அன்றைக்குப் பன்னிரண்டு டெசிபலுக்கு மேல் காப்பதில்லை. ஒரு மணி நேரம் கழற்றினால் ஒன்பதோடு நின்றுவிடும். 29-ஐ விட்டு 33 என்று குறித்த பெட்டியை விலை கொடுத்து வாங்குவதைவிட, கழற்ற வேண்டாத அளவுக்கு வசதியான ஒன்றை வாங்குவது பயன் தரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு இல்லை. பேசுவதற்காகக் கழற்றுகிறார்கள் என்றால், இரைச்சலற்ற ஓர் அறைக்குச் சென்று பேசும்படி வேலையை அமைப்பதும் செவிக்காப்பில் சேர்ந்ததே.

இரட்டைக் காப்பும் ஐரோப்பிய எண்ணும்

அடைப்பானின்மேல் காதுமூடியையும் அணிந்தால் 29-உம் 25-உம் சேர்ந்து 54 ஆகிவிடாது. இரண்டனுள் பெரிய எண்ணுக்கு உரிய காப்போடு ஐந்தே கூட்ட வேண்டும் என்பது தொழிற்பாதுகாப்பு நிர்வாகத்தின் வழி. அதன்படி 11-உம் 5-உம் சேர்ந்து 16; செவிக்குள் 80. எத்தனை மூடிகளை அடுக்கினாலும், மண்டையோட்டு எலும்பின் வழியே அதிர்ச்சி நேராக உட்செவியை எட்டிவிடுகிறது. அந்த வழியை அடைக்கும் அடைப்பான் இல்லை.

ஐரோப்பாவிலிருந்து வரும் பெட்டிகளில் 'எஸ்.என்.ஆர்.' என்ற வேறோர் எண் இருக்கும். இதற்குப் பதினாறு பேரைச் சோதிக்கிறார்கள். சிதறலை ஒரு மடங்கு மட்டும் கழிக்கிறார்கள். அதனால் ஒரே அடைப்பானுக்கு இந்த எண் பெரும்பாலும் பெரிதாக இருக்கும். பெரிதாக இருப்பதால் சிறந்த பொருள் என்று எண்ணி ஏமாறுவோர் உண்டு. இதையும் 'சி' அளவிலிருந்தே கழிக்க வேண்டும். பிரிட்டனின் சுகாதார, பாதுகாப்பு நிர்வாகம், உண்மை நிலைமைக்காக நான்கு டெசிபலைத் தள்ளச் சொல்கிறது. அமெரிக்கப் பாதியாக்கலோடு ஒப்பிட்டால் இது மிகவும் தாராளமான கணக்கு. ஒழுங்காகப் பயிற்சி பெற்ற தொழிலாளர் என்று முன்கூட்டி நம்புகிற கணக்கு. ஓர் எண்ணுக்குரிய தள்ளுபடியை மற்றோர் எண்ணுக்கு இடுவதுதான் செய்யக்கூடாதது.

தள்ளுபடி மிகுந்துவிட்டாலும் தீங்குண்டு. செவிக்குள் 70-க்குக் கீழே போய்விட்டால் எச்சரிக்கை மணியும் பின்னே வரும் வண்டியின் ஓசையும் கேளாமற் போகலாம். எழுபத்தைந்துக்கும் எண்பதுக்கும் இடையே நிற்பதே ஐரோப்பிய வழிகாட்டி நூல் நாடும் நிலை. கிராணியின் 67-ஐ நம்பிய மேலாளர் ஒருவர், 'காப்பு மிகுதியாகிவிட்டது, இதைவிடச் சிறியதைக் கொடுங்கள்' என்று சொல்லிவிடவும் கூடும். பிழையான கழித்தல் இவ்வாறு இரு பக்கமும் வெட்டும்.

கூட்டத்தின் எண்ணும் ஒருவரின் காதும்

இதுவரை கண்ட தள்ளுபடிகள் எல்லாம் கூட்டத்துக்கு உரியவை. பத்துப் பேரில் ஒருவருக்கு 25 டெசிபலும் பக்கத்தில் நிற்பவருக்கு மூன்று டெசிபலும் கிடைத்துக்கொண்டிருக்கலாம். சராசரி எண் அவ்விருவரையும் மறைத்துவிடும். அந்த மூன்று டெசிபல்காரரைக் கண்டுபிடிப்பதற்குக் கழித்தல் கணக்கு உதவாது.

செலவில்லாத சோதனைகள் சில உண்டு. நுரைப்பஞ்சைச் சுருக்கமில்லாமல் மெல்லிய குச்சிபோல் உருட்டி, மறு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காதை மேலும் பின்னுமாக இழுத்து, துவாரம் நேரானபின் செருகி, பஞ்சு விரியும் வரை அரை நிமிடம் விரலால் பிடித்திருக்க வேண்டும். சரியாகச் செருகினால் பஞ்சின் பெரும்பகுதி உள்ளே இருக்கும். எதிரே நின்று பார்ப்பவருக்கு அதன் முனை துருத்திக்கொண்டு தெரியாது. இரு காதிலும் செருகியபின் தம் குரலே குடத்துக்குள் பேசுவதுபோல் தமக்குக் கேட்க வேண்டும். பிறகு இரைச்சலின் நடுவே நின்று இரு உள்ளங்கைகளாலும் காதுகளை இறுக மூடித் திறக்க வேண்டும். மூடும்போது இரைச்சல் வெளிப்படையாகக் குறைந்தால், அடைப்பான் தன் வேலையைச் செய்யவில்லை, கைதான் செய்கிறது.

கருவியால் அளக்கும் முறையும் இப்பொழுது உண்டு. தொழிலாளி தம் காதடைப்பானைத் தாமே அணிந்துகொள்ள, அவர் காதில் எத்தனை டெசிபல் தணிகிறது என்று சில நிமிடங்களில் அக்கருவி காட்டிவிடும். தள்ளுபடி வழியை 1998-இல் கூறிய அதே அமெரிக்க ஆய்வுக்கழகம், 2025-ஆம் ஆண்டில் ஒவ்வொருவருக்கும் இவ்வாறு தனித்தனியே அளந்து பார்க்கும்படி பரிந்துரைத்திருக்கிறது. பருப்புப் பிரிவுத் தொழிலாளிக்கு அவ்வாறு அளந்து 18 டெசிபல் என்று வந்தால், அந்தப் பதினெட்டு அவருக்கே உரியது. 96-இலிருந்து கழித்தால் 78. முதலில் 6 என்று வந்து, செருகும் முறையைக் கற்றுக்கொடுத்தபின் 18 ஆகியிருந்தால், அந்தப் பன்னிரண்டு டெசிபலைப் பெறுவதற்குப் புதிய பெட்டி வாங்க வேண்டியிருக்கவில்லை. கிராணியின் ஏட்டில் எழுத வேண்டிய எண் அந்த 18-உம், அளந்த நாளும், அன்றைக்கு அவர் அணிந்திருந்த அடைப்பானின் வகையும்.